வாடகைக்காரர் இறந்த பிறகு: வீட்டை விடும் கடிதமும் அட்வான்ஸ் கணக்கும்

ஹட்டன், பண்டாரவளை போன்ற டவுன்களில் வாடகைக்கு இருந்தவர் இறந்தால், முப்பது முடியும்வரை யாரும் வீட்டுக்காரரோடு கணக்குப் பேசுவதில்லை. ஆனால் சாவி உங்கள் கையில் இருக்கும்வரை வாடகை ஏறிக்கொண்டே போகும். அது அட்வான்ஸில்தான் கழியும்.

பலர் மரணச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது வேண்டாம். மரணத்தைப் பதிவாளரிடம் பதிந்து, பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க எத்தனை நாள் அலைய வேண்டிவரும் என்று சொல்ல முடியாது. கடிதத்தை முதலில் அனுப்புங்கள், பிரதியைப் பிறகு கொடுக்கலாம். அதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகிவிடும், அலைச்சல் இரட்டிப்பாகும்.

அடுத்து உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "இரண்டு வருட எக்ரிமெண்ட், இடையில் போனால் அட்வான்ஸ் இல்லை" என்று வீட்டுக்காரர் சொன்னதும் குடும்பம் வாயடைத்துப் போகிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டைப் அடித்து, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்த தாள் அதற்குப் போதாது. மாதாமாதம் வாடகை கட்டி வந்திருந்தால் அது மாத வாடகைதான், ஒரு மாத அறிவித்தலில் விடலாம். அட்வான்ஸ் கொடுத்ததற்கு அதே தாள் சாட்சியாக நிற்கும், அதனால் கிழித்துப் போடாதீர்கள். நொத்தாரிசு உறுதி இருந்தால் கதை வேறு. இறப்பால் மட்டும் குத்தகை தானாக முடிந்துவிடாது. இடையில் முடிக்கும் வாசகத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

மாத வாடகையில் திகதிதான் பணம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,08,000 என்று வைப்போம். அப்பா ஜூன் 9இல் இறந்தார், ஜூன் வாடகை கட்டியாயிற்று. கடிதம் ஜூன் 30க்குள் வீட்டுக்காரர் கைக்குப் போனால் ஜூலை 31உடன் விடலாம். ஜூலை 3இல் போனால் ஆகஸ்ட் 31 வரை வாடகை கேட்பார், இன்னொரு 18,000 போய்விடும். போனில் சொன்னது அறிவித்தல் என்று நிரூபிக்க முடியாது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் துண்டைக் கடிதப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள்.

கடிதத்தில் நீட்டி எழுத வேண்டாம்:

"உங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த என் கணவர் ஜூன் 9ஆம் திகதி காலமானார். ஜூலை 31ஆம் திகதியுடன் வாடகையை முடித்து வீட்டை ஒப்படைக்கிறோம். அன்று காலை 10 மணிக்கு வந்து வீட்டைப் பார்வையிடவும். அட்வான்ஸ் 1,08,000 ரூபாவில் ஜூலை வாடகையையும் மீட்டர்படி வரும் பில்லையும் கழித்து மீதியை அன்றே தரவும். வேறு கழிவு இருந்தால் பற்றுச்சீட்டுடன் எழுத்தில் தரவும்."

மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். உயில் இல்லாவிட்டால், மலையகத் தமிழருக்கும் பொருந்தும் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. ஒருவர் மட்டும் கேட்டால் "மற்றப் பிள்ளை நாளைக்கு வந்து கேட்டால்?" என்று வீட்டுக்காரர் காசைப் பிடித்து வைப்பார். அந்தப் பயம் நியாயமானதுதான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இங்கே பெயர்தான் பெரிய தொல்லை. அடையாள அட்டையில் இறந்தவருடைய தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், ஒப்பந்தத்தில் பின்னால் இருக்கும், மரணச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறும். "இது வேறு ஆள்" என்று சொல்ல அது போதும். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடமும் இருவரும் ஒருவரே என்று கடிதம் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் வர வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து அலையவேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுங்கள். லைட் மீட்டர், தண்ணீர் மீட்டர் இலக்கங்கள் தெளிவாக விழட்டும். பில் 2,340 வந்தால் கணக்கு 1,08,000 இலிருந்து 18,000உம் 2,340உம் போக 87,660. காசு கைக்கு வரும் முன் "கணக்கு முடிந்தது" என்ற தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், அதுவும் வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில். மீதியைத் தராவிட்டாலும் சாவியைப் பிடித்து வைக்காதீர்கள், வாடகை ஓடும். சாவி பெற்றதாகவும் மீதி பாக்கி என்றும் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பொலிஸுக்குப் போனால் இது சிவில் விஷயம் என்று திருப்பி விடுவார்கள். உங்கள் பகுதி மத்தியஸ்த சபைத் தலைவருக்கு எழுதுங்கள். அதன் தொகை எல்லைக்குள் வரும் கோரிக்கை அங்கேதான் முதலில் போகவேண்டும். வீட்டுக்காரர் வராவிட்டாலோ இணங்காவிட்டாலோ, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அது இல்லாமல் வழக்கை நீதிமன்றம் எடுக்காது. சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட மூன்று வருடம்தான், எழுத்தில் இருந்தால் ஆறு.