கேப்ஷன் என்னும் படக்குறிப்பு

ஒளிப்படத்தின் கீழே அச்சாகும் ஓரிரு வரிகளுக்கும், கைப்பேசியில் படத்தோடு சேர்த்துப் பதிவிடும் வாசகத்துக்கும் ‘கேப்ஷன்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. மலாய்மொழியும் அதைக் ‘காப்ஷென்’ என்று எடுத்துக்கொண்டுவிட்டதால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் முதல் கோயில் நிர்வாகத்தினர் வரை அனைவரும் தயக்கமின்றி அப்படியே சொல்கிறார்கள். ஊர்ச் செய்திகளைப் படத்தோடு வெளியிடும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருவதால், இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது.

லத்தீனில் ‘காப்பெரே’ என்றால் பிடித்தல். அதிலிருந்து வந்த ‘கேப்ஷன்’ ஆங்கிலத்தில் நுழைந்தபோது கைப்பற்றுதல், கைது செய்தல் என்ற பொருளையே தந்தது. தலையைக் குறிக்கும் ‘காபுட்’ என்னும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது கேப்டன். கேப்ஷனையும் அதோடு சேர்த்து, ‘தலைப்பு’ என்பதே அதன் மூலப்பொருள் என்று சொல்பவர்கள் உண்டு, அது பிழை. இடையில் நீதிமன்றங்களின் சொல்வழக்கில் அச்சொல் ஒரு தனிப்பொருள் பெற்றது: ஓர் ஆவணம் எங்கே, எப்போது, யாருடைய அதிகாரத்தின்படி எடுக்கப்பட்டது என்று கூறும் பகுதிக்கு அது பெயராயிற்று. அந்தப் பகுதி ஆவணத்தின் தலையில் இருந்தமையால் பின்னர்த் தலைப்பு என்ற பொருளும், இருபதாம் நூற்றாண்டில் படத்தின் கீழ் வரும் வாசகம் என்ற பொருளும் வந்து சேர்ந்தன. எங்கே, எப்போது, யார் சொல்லி என்ற அந்த மூன்று கேள்விகளும் இன்றைய கேப்ஷனுக்கும் பொருந்துகின்றன.

தமிழில் இதற்குத் தலைப்பு, படவிளக்கம், படக்குறிப்பு என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. தலைப்பு மேலே நிற்பது. கீழே வருவதற்கு அதை ஆளக் கூடாது. படவிளக்கம் என்பது தவறில்லை, ஆனால் விளக்கம் என்றதும் எழுதுபவரின் கை நீண்டுவிடுகிறது. நான் படக்குறிப்பு என்பதையே ஏற்கிறேன், ஏனெனில் குறி என்றால் அடையாளம், இலக்கு. ஒரு படத்துக்கு ஓர் இலக்கு போதும். திருக்குறளில் இரண்டு அதிகாரங்களுக்குக் ‘குறிப்பறிதல்’ என்று பெயர் இருக்கிறதே, வெளிப்படையாகச் சொல்லாததை அல்லவா குறிப்பு என்கிறோம் என்று ஒரு நண்பர் மறுத்தார். மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் நாட்குறிப்பு, அடிக்குறிப்பு என்னும் சொற்களில் சுருக்கமாக எழுதிவைத்தது என்ற பொருளே நிற்பதால், படக்குறிப்பும் அந்த வரிசையில் அமர்ந்துவிடும்.

படக்குறிப்புக்குப் பெரும்பாலும் மூலமாக வருவது ஊடக அறிக்கை. அதில் நிறைந்திருக்கும் ‘ஜார்கன்’ என்பதற்கும் நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் குழூஉக்குறி என்று இலக்கண நூலார் வகுத்தனர்; அதாவது ஒரு குழுவினர் தமக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். அதே இடத்தில் மங்கலம் என்று இன்னொன்றையும் வைத்தனர்: செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது போல, சொல்லக் கசப்பானதை இனிமையாக்கிச் சொல்வது. அறிக்கையைப் பிரித்துப் படிக்கும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்திக்கொள்வது நல்லது. குழூஉக்குறியை எடுத்தெறிந்தால் பெரும்பாலும் எதுவும் குறைவதில்லை, ஆனால் மங்கலச் சொல்லுக்கு அடியில்தான் செய்தி பதுங்கியிருக்கும்.

எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தோட்டத்துக்கும் இடையே ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதைப் பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கை ஐந்து பத்திகள் கொண்டது. முதல் பத்தி, ‘கிராமப்புற இணைப்புத்தன்மையை வலுப்படுத்தும் உயர் தாக்கத் திட்டம்’ அனைத்துப் ‘பங்குதாரர்களின்’ ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டதாகக் கூறியது. தாக்கம் என்பதைப் பாலத்தோடு சேர்த்துப் படித்தபோது லாரி மோதியதோ என்று தோன்றியது. பங்குதாரர் என்பது, தொடர்புடையவர்கள் என்ற பொருளில் மலாயில் ‘பெமகாங் தாரோ’ என்று இருந்ததைத் தமிழில் பெயர்த்தவர் செய்தது. ஏதோ நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர்களைப் போல அது தோட்டத்து மக்களைக் காட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் பத்திகள் பாராட்டுரைகள், நான்காவது திட்டச் செலவு. ஐந்தாம் பத்தியின் கடைசி வாக்கியம் இது: ‘பணிகளைச் சீராக்கும் பொருட்டு, மார்ச் 3 முதல் சுமார் 12 வாரங்களுக்குப் போக்குவரத்து மாற்று வழித்தடத்துக்கு மறுசீரமைக்கப்படும்.’ இணைத்திருந்த படத்தில் ஐந்து பேர் பொன்வண்ணம் பூசிய மண்வெட்டிகளோடு நின்றார்கள்.

செய்தியைக் கண்டுபிடிக்க நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்த அறிக்கையின் எந்த வாக்கியத்தைப் படித்தால் ஊரார் திங்கட்கிழமை காலையில் வேறு விதமாக நடந்துகொள்வார்கள்? செலவுத் தொகையைப் படித்து யாரும் வீட்டிலிருந்து முன்னதாகக் கிளம்பப் போவதில்லை. ‘மறுசீரமைக்கப்படும்’ என்ற மங்கலச் சொல்லை நேர்ச்சொல்லாக மாற்றினால் ‘பாலம் மூடப்படும்’ என்று ஆகிறது, அதுவே செய்தி. நாளும் இடமும் இருந்தும் செய்பவர் யாரென்று தெரியாத செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியம் கடைசிப் பத்தியில் இருந்தால், அங்கே முதலில் கண் வைப்பது என் வழக்கம்.

முதல் முயற்சியில் நான் எழுதியது: ‘பாலம் மூடல், பள்ளிப் பிள்ளைகள் தவிப்பு!’ அறிக்கையில் தவிப்பு என்ற பேச்சே இல்லை, பாலமும் இன்னும் மூடப்படவில்லை. குழூஉக்குறியை நீக்குவதாக நினைத்து, இல்லாத செய்தியை உள்ளே வைத்திருந்தேன். இரண்டாம் முயற்சியில் ‘12 வாரங்கள்’ என்று எழுதி, ‘சுமார்’ என்பதை வீண்சொல்லென்று வெட்டினேன், வெட்டியிருக்கக் கூடாது. அது அலங்காரச் சொல் அன்று, செய்தியின் எல்லையைக் காட்டும் சொல். அதை எடுத்துவிட்டால் பதின்மூன்றாம் வாரத்தில் கேள்வி என்னிடம் வரும்.

இன்னொரு குறையும் இருந்தது: மோட்டார் சைக்கிளும் போகக் கூடாதா என்று அறிக்கை சொல்லவில்லை. பால்மரம் வெட்டவும் செம்பனை அறுக்கவும் விடியுமுன் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில்தான் அந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள். ஊகித்து எழுதாமல், அறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். “நடந்து போகலாம் சார், மோட்டார் முடியாது, பலகை எடுத்துருவாங்க” என்றார் மறுமுனையில் இருந்தவர். அறிக்கையின் ஐந்து பத்திகளிலும் இல்லாத தெளிவு அந்த ஒரு வரியில் இருந்தது.

வெளியிட்ட படக்குறிப்பு இது:

‘தோட்டத்துக்குச் செல்லும் ஆற்றுப் பாலம் மார்ச் 3, திங்கட்கிழமை முதல் சுமார் 12 வாரங்களுக்கு மூடப்படும் என்று பணியை மேற்கொள்ளும் அலுவலகம் தெரிவித்துள்ளது. மோட்டார் சைக்கிள் உட்பட எந்த வாகனமும் கடக்க முடியாது, நடந்து செல்லலாம். படம்: பாலப் பணியின் தொடக்க நிகழ்ச்சி.’

படத்தில் தெரிவதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பின்புலத்தை அடுத்து வைப்பதே செய்தித்தாள் வழக்கம். மண்வெட்டி பிடித்தவர்கள் படத்திலேயே தெரிவதாலும், கைப்பேசித் திரை முதல் இரண்டு வரிகளுக்குப் பின் மீதியை மடித்துவிடுவதாலும், இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டேன். ஐவரின் பெயர்களையும் இடமிருந்து வலமாகச் சேர்க்கவில்லை என்று மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெயர்களைக் கடைசி வரியாகச் சேர்த்தேன், முதல் வரியை மட்டும் நகர்த்த மறுத்துவிட்டேன்.