தாய்மாமனைப் பற்றி டாக்டர் ஏன் கேட்கிறார்?

தாஸ்காவுக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஏழெட்டு முறை சளி பிடிப்பது வழக்கம்தான். மூக்கு ஒழுகும், இரண்டு நாள் காய்ச்சல் வரும், பிறகு பழையபடி ஓடி விளையாடும். இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. எத்தனை முறை நோய் வந்தது என்பதைவிட எப்படிப்பட்ட நோய் வந்தது, எந்த வயதில் தொடங்கியது என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். கிருமிகளோடு போராடும் எதிர்ப்பொருளை உடல் தானே உண்டாக்க முடியாத எக்ஸ்-சார்ந்த அகாமாகுளோபுலினீமியா என்ற பிறவி நோயைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொள்வோம். செந்தூலில் வசிக்கும் 14 மாத ஆண் குழந்தை, எடை 9 கிலோ. ஆறு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஏழாம் மாதத்திலிருந்து மூன்று முறை காதில் சீழ் வடிந்தது. இரண்டு முறை நிமோனியா; இரண்டாவது முறை வார்டில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிளினிக். ஒரு கிளினிக்கில் காதைப் பார்த்தார்கள், இன்னொன்றில் நெஞ்சைப் பார்த்தார்கள்; முழுக்கதையும் ஒருவர் கையிலும் இல்லை. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது இதனால்தான்.

ஏழாம் மாதம் என்பதே பெரிய தடயம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறாம் மாதத்தையொட்டி அந்தச் சேமிப்பு தீரும்போது குழந்தை தானே எதிர்ப்பொருள் உண்டாக்க வேண்டும். அது முடியாத குழந்தைக்கு அப்போதுதான் நோய் தொடங்கும்.

அடுத்து டாக்டர் தொண்டையைப் பார்க்கிறார். இத்தனை தொற்றுக்குப் பிறகு டான்சில் வீங்கியிருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. பிறகுதான் வீட்டார் எதிர்பார்க்காத கேள்வி வருகிறது: "அம்மா, உங்கள் கூடப்பிறந்த ஆண்கள் யாராவது சின்ன வயதில் இறந்துபோனார்களா?" ஓர் அண்ணன் இரண்டு வயதில் நெஞ்சுச் சளியில் இறந்ததாகப் பாட்டிக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த நோய்க்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிடிகே என்ற மரபணு. அது பழுதானால், தாய் அதைச் சுமந்தாலும் நோயில்லாமல் இருப்பார். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நோய் வரும். ஆகவே தாய்மாமனையும் சித்தி, பெரியம்மா மகன்களையும் பற்றிக் கேட்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பல குடும்பங்களில் இந்த மாற்றம் புதிதாகத் தோன்றுகிறது.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைதான். சாதாரண ரத்த எண்ணிக்கையில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கும். இல்லாமல் போனது அதில் ஒரு பகுதியான, எதிர்ப்பொருள் உண்டாக வழிசெய்யும் பி அணுக்கள் மட்டுமே. "ரத்தம் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை எதிர்ப்பொருளையும் அளந்து, குழந்தையின் வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால் நலமான குழந்தையும் குறைபாடு உள்ளதாகத் தெரியும். நம் குழந்தைக்கு ஐஜிஜி லிட்டருக்கு வெறும் 1 கிராம், மற்ற இரண்டும் ஏறக்குறைய இல்லை. பி அணுக்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. இந்த நோயை 1952இல் முதலில் விவரித்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன்.

இதற்கான ரத்தத்தை, பிறர் தானம் கொடுத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினை ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பொருளைத்தான் அளப்போம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்த நோய் உள்ளவர்களுக்கு டெங்கி வந்தாலும் எதிர்ப்பொருள் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 பரிசோதனைதான் உதவும்.

சிகிச்சை, இல்லாத ஐஜிஜியை வெளியிலிருந்து கொடுப்பது. கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 9 கிலோ குழந்தைக்கு 5 கிராம் அளவு பொருந்தும். முதலில் மிக மெதுவாக ஏற்றி, நடுக்கமோ காய்ச்சலோ இல்லையென்றால் வேகத்தைக் கூட்டுவார்கள். அடுத்த தவணைக்குச் சற்று முன் ஐஜிஜி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அளவைச் சரிசெய்வார்கள். நடுவில் குழந்தை நன்றாக இருக்கிறதே என்று இரண்டு தவணை தவறவிட்டால் தொற்று திரும்பும். நுரையீரல் குழாய்கள் ஒருமுறை விரிந்து கெட்டுப்போனால் பழைய நிலைக்கு வராது.

தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்குப் போகும்போது முகாமில் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தை இந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். போலியோவுக்கு ஊசி மட்டுமே போடலாம்.

தாய் மறுபடி கருவுற்றிருந்தால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிறப்பது மகன் என்றால் தொப்புள்கொடி ரத்தத்தில் பி அணுக்களை எண்ணிப் பார்க்கலாம். அன்றைக்கு ஐஜிஜியை அளந்து பயனில்லை. அது முழுக்க அம்மாவினுடையது.