வாரண்டி கார்டு போன் படத்தில் மட்டும் இருந்தால்

"ஒரிஜினல் கார்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது." பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ பழுதாகி, போனில் இருக்கும் வாரண்டி கார்டு படத்தைக் காட்டுபவர்களுக்குச் சென்னை சர்வீஸ் சென்டர்களில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். பலர் கட்டியிருக்கவே வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி இங்கே இவ்வளவு தெரிந்தால் போதும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. நிறுவனம் எழுத்தில் கொடுத்த வாக்கு, கார்டு தொலைந்ததால் மறைந்துவிடாது. எந்த மாடலுக்கு எத்தனை வருடம் என்பது அவர்களிடமே இருக்கிறது. நீங்கள் காட்ட வேண்டியது இரண்டு: எந்தத் தேதியில் வாங்கினீர்கள், வாங்கிய பொருள் இதுதானா.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி, கடை முத்திரை ஆகிய நான்கும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறதா? பெரும்பாலும் சீரியல் எண்தான் மங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் தரம் குறைந்து போவது ஒரு காரணம். இனி அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கார்டின் பின்பக்கத்தையும் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எதற்கு வாரண்டி இல்லை என்பதைப் பொடி எழுத்தில் அங்கேதான் அச்சடித்திருப்பார்கள்.

எண் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம், அது பொருளிலேயே ஒட்டியிருக்கிறது. பிரிட்ஜில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரிலோ பின்புறத்திலோ இருக்கும். ஸ்பிளிட் ஏசி என்றால் உள் யூனிட்டுக்கு ஒன்று, வெளி யூனிட்டுக்கு ஒன்று என இரண்டு எண்கள். பில்லில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, பின்னால் மற்றதற்கு வாரண்டி கேட்டால் கையை விரிப்பவர்கள் உண்டு. வாங்கும்போதே இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஸ்டிக்கரைத் தேய்த்துக் கழுவவோ கிழிக்கவோ வேண்டாம். எண் அழிந்திருந்தால் வாரண்டி இல்லை என்று பல கார்டுகளில் தெளிவாகவே இருக்கிறது.

அடுத்து பில். கடைகளில் கொடுக்கும் வழவழப்பான தாள் வெப்பத்தில் அச்சாவது. ஒரு சென்னைக் கோடை போதும், எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுப்பதும் ஜெராக்ஸ் போடுவதும்தான் வழி. ஏற்கெனவே மங்கிவிட்டதா? கடைக்குப் போய் உங்கள் மொபைல் எண்ணைச் சொல்லி மறுபிரதி கேளுங்கள். "பழைய கணக்கு இல்லை" என்பார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் அவர்கள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லி, எழுத்தில் பதில் கேளுங்கள். தவணையில் வாங்கியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் பில் நகல் இருக்க வாய்ப்புண்டு. வெறும் பேங்க் ஸ்டேட்மெண்ட், தேதிக்குத் துணை நிற்குமே தவிர என்ன பொருள் என்று சொல்லாது.

பில் இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் பொருள் தயாரான மாதத்திலிருந்து வாரண்டியை எண்ணும். கிடங்கில் ஆறு மாதம் கிடந்திருந்தால் அந்த ஆறு மாதமும் உங்கள் கணக்கில் போய்விடும்.

இனி, ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம். கார்டில் கொட்டை எழுத்தில் "10 வருட வாரண்டி" என்றிருக்கும். அது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். மொத்த பிரிட்ஜுக்கும் வழக்கமாக ஒரு வருடம்தான். அந்தப் பத்தும் வாங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. "1 + 9" என்று அச்சடித்திருந்தால் பொருள் அதுதான்.

பெரம்பூரில் தையல் வேலை செய்யும் ஒரு அக்காவின் பிரிட்ஜ் நான்காவது வருடத்தில் குளிர்விப்பதை நிறுத்தியது. வந்த டெக்னீஷியன் கம்ப்ரசர் போய்விட்டது என்றார், கார்டு இல்லாததால் முழுத்தொகை ஆகும் என்றார். அந்த அக்கா கடையில் பில் மறுபிரதி வாங்கி, சீரியல் ஸ்டிக்கரைப் படம் எடுத்து, பழைய கார்டு படத்தையும் சேர்த்து, புகார் எண்ணைப் போட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினார். அதில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாகம் பழுது, எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் எஸ்டிமேட் வேண்டும். எழுத்தில் வந்தபோது கம்ப்ரசருக்குப் பணம் இல்லை. கேஸ் நிரப்ப, ஃபில்டர் மாற்ற, வேலைக்கூலி ஆகியவை மட்டும் இருந்தன. கார்டின் பின்பக்கத்தில் அவை வாரண்டியில் சேராது என்று இருந்ததால் அதைக் கட்டினார்.

இப்படி எழுத்தில் கேட்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், "கம்ப்ரசர் ஓடவில்லை" என்பதும் "கம்ப்ரசர் பழுது" என்பதும் வேறு வேறு. கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் ரிலே போயிருந்தாலும் ஓடாது, அது சின்னச் செலவு. இன்வெர்ட்டர் மாடலில் எலெக்ட்ரானிக் போர்டு போயிருந்தாலும் ஓடாது. அந்த போர்டுக்குப் பல கார்டுகளில் தனிக் காலவரம்பு இருக்கும், பத்து வருடம் கிடையாது. கம்ப்ரசர் ஓடியும் குளிரவில்லை என்றால் கேஸ் கசிவாகவும் இருக்கலாம். அதனால் டெக்னீஷியன் எழுதும் வேலைத் தாளான ஜாப் ஷீட்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். "கூலிங் இல்லை" என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புகார் பதிவு செய்ய கார்டில் அச்சான எண்ணையோ நிறுவனத்தின் சொந்த ஆப்பையோ பயன்படுத்துங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்குப் போன் போட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். அப்படிப் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். பதிவானதும் புகார் எண் எஸ்எம்எஸ்ஸாக வரும். அது வராத வரை நீங்கள் புகார் செய்ததாகவே கணக்கில்லை.

டெக்னீஷியனிடம் ஒரிஜினல் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம், நகல் போதும். அப்புறம் ஓடிபி. வேலை முடிந்ததற்கு அடையாளமாக உங்கள் போனுக்கு ஓர் எண் வரும். "பார்ட்ஸ் நாளைக்கு வரும், இப்போ ஓடிபி மட்டும் சொல்லுங்கம்மா" என்பார்கள். சொல்லிவிட்டால் புகார் தீர்ந்ததாக மூடப்படும், அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த எண்ணைச் சொல்லுங்கள். தெருவோர மெக்கானிக்கை இடையில் பிரித்துப் பார்க்கவும் விடாதீர்கள். வெளியாள் கைவைத்தது என்று வாரண்டியை மறுக்க அது ஒன்றே போதும்.

மெயிலுக்கும் பதில் இல்லையா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், உத்தரவு போட அதிகாரம் கிடையாது. அதனால் அங்கேயே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவோடு பில், கார்டு படத்தின் இரண்டு பக்கம், சீரியல் ஸ்டிக்கர் படம், ஜாப் ஷீட், நீங்கள் அனுப்பிய மெயில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள்.