ரிதம் எழுதும்போது கை எங்கே தடுக்குகிறது?

rhythm என்ற சொல்லைப் படிப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. எழுதச் சொன்னால்தான் பேனா பாதியில் நிற்கிறது. படிக்கும்போது எல்லா எழுத்துகளும் கண்முன் இருக்கின்றன, மூளை அடையாளம் கண்டுகொண்டால் போதும். எழுதும்போதோ ஆறு எழுத்துகளையும் வரிசை மாறாமல் நினைவிலிருந்தே எடுத்துத் தர வேண்டும். ஆயிரம் முறை படித்த சொல் எழுத வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

நினைவில் தெளிவாக இல்லாததை மூளை ஒலியைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. தமிழ்வழியில் எழுதப் பழகியவர்களுக்கு இது இன்னும் ஊறிப்போன வழக்கம். தமிழில் றகரமா ரகரமா என்று குழம்புவோமே தவிர, எழுத்துகளின் வரிசையில் குழம்புவது அபூர்வம். காதில் விழும் வரிசையே எழுத்தின் வரிசையும். அந்த நம்பிக்கையோடு ரிதம் எழுதினால் இரண்டு இடத்தில் வழுக்கும். முதலில் வரும் ஹெச் காதில் விழாததால் rythm என்று வரும். கடைசி எம்முக்கு முன்னால் ஓர் உயிரொலி கேட்பதால் rhythem என்றும் வரும்.

இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கத்தில் ரோ, உப்சிலான், தீட்டா, மியூ என்ற நான்கு எழுத்துகள் அதன் உடம்பு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ரோவை மூச்சுக்காற்றோடு உச்சரித்ததால் ரோமானியர்கள் அதை rh என்று எழுதினார்கள். உப்சிலான் y ஆனது, தீட்டா th ஆனது, மியூ m ஆனது. ஆக, rh-y-th-m என்று நான்கு துண்டுகள். நம் குறுகிய கால நினைவுக்கு எழுத்துக் கணக்கைவிடத் துண்டுக் கணக்கே முக்கியம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-லேயே விளக்கியிருக்கிறார். அதோடு rh என்ற துண்டை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ரைனோசரஸுக்கும் ரூமாட்டிசத்துக்கும் அதுவே உதவும்.

‘ரிதம் ஹெல்ப்ஸ் யுவர் டூ ஹிப்ஸ் மூவ்’ என்று முதலெழுத்துகளை வைத்து மனப்பாடம் செய்யும் வாக்கியம் ஒன்று உண்டு. தவறில்லை. ஆனால் ‘யுவர்’ இருக்கும் இடத்தில் ‘தி’ என்று நினைவு வந்துவிட்டால் சொல்லே போச்சு. மேலும், அது அந்த ஒரு சொல்லுக்கு மட்டுமே பயன்படும். எனக்கென்னவோ துண்டாக்குவதுதான் மலிவான வழி என்று படுகிறது. queue கூட அப்படித்தான்: ஒரு q, பிறகு ue இரண்டு தடவை.

conscience-க்கு வேறு உத்தி தேவை. அதில் science முழுசாக உட்கார்ந்திருக்கிறது, உச்சரிப்புதான் அதை மறைக்கிறது. எழுதும்போது மட்டும் மனதுக்குள் ‘கான்-சயன்ஸ்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள எஸ் விடுபட்டு concience என்று எழுதுவது நின்றுவிடும். ‘வெட்-நெஸ்-டே’ என்று வகுப்பில் கத்திப் படித்தோமே, அதே கைவைத்தியம்தான். டிரேக், ஏரி என்ற ஆய்வாளர்கள் 1984-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், எழுத்துக்கேற்பக் கவனமாக உச்சரித்துப் பழகியது எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்க உதவியது தெரிந்தது. வெளியே பேசும்போது வழக்கமான உச்சரிப்பையே வைத்துக்கொள்ளலாம், இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

questionnaire-இல் சிக்கல் வருவது millionaire-ஆல். இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை, அங்கே இரண்டிலும் n இரட்டிக்கும். ஆங்கிலம் ஒன்றில் இரட்டையை வைத்துக்கொண்டு மற்றதில் ஒன்றைக் கழற்றிவிட்டது. ‘இரட்டை n’ என்று மட்டும் மனப்பாடம் செய்தால், எந்தச் சொல்லுக்கு இரட்டை என்ற சந்தேகம் தேர்வு அறையில் எழும். அதற்குப் பதிலாக question-naire, million-aire என்று வெட்டிப் பாருங்கள். முன்பாதி இரண்டுமே தெரிந்த சொற்கள். பின்பாதி naire-ஆ aire-ஆ என்பது ஒன்றைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

துண்டாக்கிய பிறகு பத்துத் தடவை பார்த்து எழுதுவதில் பெரிய பயனில்லை. மூன்றாவது தடவையிலேயே கண் பார்ப்பதைக் கை நகலெடுக்கத் தொடங்கிவிடும், நினைவுக்கு வேலை இருக்காது. சொல்லை மூடிவிட்டு எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மறுநாள் எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பிழை வந்தால், எந்தத் துண்டில் வந்தது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வரும், அந்தத் துண்டை மட்டும் அடிக்கோடிட்டால் போதும்.

பிழையான வடிவத்தைச் சரியானதன் பக்கத்திலேயே விட்டுவைக்காமல் அடித்துவிடுவது நல்லது. தவறான எழுத்துக்கூட்டலைப் படித்தவர்கள் பிறகு அதே சொல்லில் கூடுதலாகத் தவறு செய்ததை ஜேகோபி, ஹாலிங்ஸ்ஹெட் இருவரும் 1990-இல் காட்டினார்கள். நான்கு வடிவங்களைத் தந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் போட்டித் தேர்வு வினாக்களில் இந்த ஆபத்து உண்டு: ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று தவறுகளைக் கண் படிக்கிறது. அந்தப் பயிற்சித் தாள்களைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதுவரை மூடி எழுதியே பழகலாம்.