சமவலுத் தகைப்பு: சாப்ட் இளகுமா என்று பார்க்க இரண்டு சூத்திரங்கள், எதை எடுப்பது?

உயர்தரப் பௌதிகவியலைத் தமிழில் படித்தவர்களுக்குத் தகைப்பு, விகாரம் என்ற சொற்கள் பழக்கமானவை. ஒரு கம்பியை இழுக்கிறோம். விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைப்பு. தமிழ்நாட்டு நூல்களில் இதுவே தகைவு. பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆங்கிலத்துக்கு மாறியபின், இந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'ஈக்குவிவலன்ட் ஸ்ட்ரெஸ்'. தமிழில் சமானத் தகைவு, நிகர்த் தகைவு என்று எழுதலாம்; பொருள் புரியும். ஆனாலும் இலங்கைத் தமிழுக்கு மிகப் பொருந்துவது 'சமவலுத் தகைப்பு'தான். இரசாயனத்தில் சமவலுப் புள்ளி என்று நாம் படித்த அதே சமவலு. அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் இதையேதான் சொல்கிறது: முற்பாதி 'சமம்', பிற்பாதி 'வலுவாயிரு'. பௌதிகவியலில் நேரத்துக்கு இவ்வளவு வேலை என்பதையும் நாம் வலு என்றே சொல்வதால் ஒரு சின்ன மயக்கம் வரலாம். இங்கே வலு என்பது பலம் என்ற பழைய பொருளில் நிற்கிறது.

எதற்குச் சமமான பலம்? எளிய இழுவைச் சோதனைக்கு. உருக்குக் கோலொன்றை நேராக இழுத்தால் எந்தத் தகைப்பில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது அளந்து வைக்கப்பட்ட எண். சாதாரண மென்னுருக்குக்கு 250 மெகாபஸ்கால் என்று வைத்துக்கொள்வோம். இந்த எல்லையை இளகல் தகைப்பு என்கிறேன். 'யீல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி 'விளைவு' என்று போட்டுவிடுகிறார்கள். அது வயலுக்குரிய பொருள். இங்கே உருக்கு விளைவதில்லை, விட்டுக்கொடுக்கிறது. இளகல் என்றால் சூட்டில் இளகுவது நினைவுக்கு வரும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் நெகிழ்வு என்று சொன்னால் விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவதோடு குழம்பும். அதைவிட இது மேல்.

சிக்கல் எங்கே என்றால், இயந்திரத்தில் சுழலும் தண்டான சாப்ட்டை யாரும் நேராக இழுப்பதில்லை. மோட்டர் அதை முறுக்குகிறது, செயின் அதை வளைக்கிறது. வளைவால் வருவது இழுவை போன்ற தகைப்பு, அதை σ என்போம். முறுக்கால் வருவது கொய்வுத் தகைப்பு, ஒரு தளம் இன்னொன்றின்மேல் வழுக்கப் பார்ப்பது. வெட்டுத் தகைப்பு என்பதும் இதுவே. அதை τ என்போம். இரண்டும் ஒரே புள்ளியில் சேர்ந்து வரும்போது எந்த ஒற்றை இழுவைத் தகைப்புக்கு அவை சமவலுவாகும்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி திரெஸ்காவினுடையது. உலோகங்களை அச்சுத் துளைகளின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளி, அவை எப்படிப் பாய்கின்றன என்று பார்த்தவர் அவர். 1864இல் முடிவை வெளியிட்டார். ஈபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. அவர் சொன்னது: உலோகத்துக்குள் எந்தத் தளத்திலாவது கொய்வுத் தகைப்பு குறித்த எல்லையைத் தொட்டால் அது இளகும். இதுதான் உச்சக் கொய்வுத் தகைப்புக் கொள்கை. இழுவைச் சோதனையில் உச்சக் கொய்வு இழுவையின் சரிபாதி. ஆகவே கொய்வில் எல்லை இளகல் தகைப்பின் 0.5 மடங்கு.

இரண்டாவது விடைக்குப் பல தந்தையர். 1904இல் லிவோவ் நகரில் ஹூபர் அதைப் போலிஷ் மொழியில் எழுதினார். வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. அதே நகரில் பிறந்த ரிச்சட் வொன் மீசெஸ் 1913இல் தனியாக அதே சமன்பாட்டுக்கு வந்தார். திரெஸ்காவின் நிபந்தனையை வரைந்தால் மூலைகள் கொண்ட அறுகோணம் வரும். மூலைகள் கணிதத்துக்கு இடைஞ்சல். அதற்குப் பதில் வழுவழுப்பான வளைகோடொன்றை எடுத்தார். பௌதிக விளக்கத்தை 1924இல் ஹென்கி தெளிவாக்கினார்: உலோகத்தில் சேரும் விகாரச் சக்தியில் கனவளவை மாற்றும் பங்கு இளகலுக்குக் காரணமில்லை, உருவத்தைத் திரிக்கும் பங்குதான் காரணம். அதனால் பெயர் உருத்திரிவுச் சக்திக் கொள்கை. தமிழ்நாட்டு வழக்கில் சக்திக்குப் பதில் ஆற்றல். இதன்படி கொய்வில் எல்லை 0.5 அல்ல, 0.577 மடங்கு. எது உண்மைக்குக் கிட்ட என்பதை 1931இல் டெய்லரும் குயின்னியும் செம்பு, அலுமினியம், மென்னுருக்குக் குழாய்களை இழுத்தபடியே முறுக்கிப் பார்த்தார்கள். அளவீடுகள் மீசெஸின் வளைகோட்டை ஒட்டியே விழுந்தன.

சமவலுத் தகைப்பை σe என்போம். சாப்ட்டுக்கு இவை இரண்டும் சுருங்கி இப்படி வரும்:

```
Tresca:     σe = sqrt(σ² + 4τ²)
von Mises:  σe = sqrt(σ² + 3τ²)
```

வித்தியாசம் 4, 3 என்ற ஓர் எண்ணில்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொன்வேயர் ஒன்றுக்கு 4 கிலோவாட் மோட்டர், கியர் பொக்ஸுக்குப் பிறகு நிமிடத்துக்கு 85 சுற்று. சாதாரண ஓட்டத்தில் முறுக்கம் சுமார் 450 நியூற்றன் மீற்றர். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டர் தொடக்கத்தில் இதன் இரு மடங்கு கொடுக்கும் என்று கொள்வோம், 900. இளகலைச் சோதிக்கும்போது இந்த உச்சத்தைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு முறை இளகினாலும் சாப்ட் வளைந்து நிற்கும். 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள செயின் வீல், பெயரிங்கின் நடுவிலிருந்து 45 மில்லிமீற்றர் வெளியே நிற்கிறது. செயின் இழுவை 9000 நியூற்றன். பெயரிங் இருக்கும் இடத்தில் வளைவுத் திருப்பம் ஏறக்குறைய 400 நியூற்றன் மீற்றர். சாப்ட்டின் விட்டம் 40 மில்லிமீற்றர். வளைவுத் திருப்பத்தை M, முறுக்கத்தை T, விட்டத்தை d என்போம்.

```
σ = 32M/(πd³) = 63.7 MPa
τ = 16T/(πd³) = 71.6 MPa

Tresca:     σe = 156.7 MPa,  250/156.7 = 1.60
von Mises:  σe = 139.4 MPa,  250/139.4 = 1.79
```

இளகல் தகைப்பைச் சமவலுத் தகைப்பால் வகுத்து வருவது பாதுகாப்புக் காரணி. அது 1.75 வேண்டும் என்று வைத்திருந்தால், ஒரே சாப்ட் ஒரு கொள்கையில் தேறுகிறது, மற்றதில் தவறுகிறது. திரெஸ்காவைத் திருப்திப்படுத்த 41.3 மில்லிமீற்றர் போதும். ஆனால் பெயரிங்கின் உள்விட்டம் 40க்கு அடுத்து 45. ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவான பற்றாக்குறைக்காகப் பெயரிங், அதன் வீடு எல்லாம் ஒரு படி பெரிதாகும்.

பொதுவாகப் பார்த்தால் இடைவெளி இதற்கு மேல் அதிகம் போகாது. தனி முறுக்கில் மிகக் கூடியது 15.5 வீதம். விட்டம் தகைப்போடு கன மூலமாகத்தான் மாறும் என்பதால், அது விட்டத்தில் 5 வீதத்துக்குள் அடங்கிவிடும். தனி வளைவில் τ பூச்சியம். இரண்டு சூத்திரங்களும் ஒரே விடை தரும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியம்.

ஏனென்றால், 'உருக்கின் தரம் சரியாகத் தெரியாது, ஆகவே பாதுகாப்பாகத் திரெஸ்காவை எடுப்போம்' என்ற பேச்சு நம்மிடம் அடிக்கடி உண்டு. கொழும்பு பழைய சோனகத் தெருவில் சான்றிதழ் இல்லாமல் வாங்கிய கோல் என்றால் அந்தக் கவலை நியாயமானது. மருந்துதான் தவறு. திரெஸ்கா தரும் மேலதிகப் பாதுகாப்பு முறுக்கு அதிகமான சாப்ட்டுக்கு 15 வீதம், வளைவு அதிகமான சாப்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. உருக்கைப் பற்றிய சந்தேகமோ இரண்டுக்கும் ஒன்றே. அளவும் ஒத்துவராது: 1020 ரக உருக்கு சூட்டில் உருட்டிய நிலையில் சுமார் 210 மெகாபஸ்காலில் இளகும், அதையே குளிர்நிலையில் இழுத்தெடுத்த கோலாக வாங்கினால் சுமார் 390. நம் சாப்ட்டுக்கு மீசெஸின்படி காரணி ஒன்றில் 1.51, மற்றதில் 2.80. இந்தப் பள்ளத்தைக் கொள்கையை மாற்றி நிரப்ப முடியாது. குறைந்த இளகல் தகைப்பை எடுங்கள், அல்லது பாதுகாப்புக் காரணியைக் கூட்டி அதைத் தாளில் எழுதுங்கள். சந்தேகம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். சமவலுத் தகைப்பை மீசெஸில் கணியுங்கள். வாடிக்கையாளர் சொல்லும் நியமம் திரெஸ்காவைக் கேட்டால் அதைப் பின்பற்றுங்கள். அது வேறு விஷயம்.

எது எடுத்தாலும் பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது. அடிக்கடி காணும் பிழை இது: உச்சக் கொய்வைத் திரெஸ்கா வழியில் கணித்து, 78.4 மெகாபஸ்கால் என்று எடுத்து, எல்லையை மட்டும் மீசெஸிடமிருந்து 0.577 × 250 = 144 என்று வைப்பது. காரணி 1.84 வரும். இரண்டு கொள்கைகளில் எதுவும் அவ்வளவு தரவில்லை என்பதிலிருந்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். முறுக்கே இல்லாத சாப்ட்டைப் போட்டுப் பாருங்கள்: இந்தக் கலப்பு, இழுவைச் சோதனையில் 250இல் இளகும் கோல் 289 வரை தாங்கும் என்று சொல்லும்.

மென்பொருளிலும் அதே பொறி. திரையில் `von Mises` என்று வருவதை 250உடன் நேராக ஒப்பிடலாம். `Stress Intensity` என்பது திரெஸ்காவின் சமவலுத் தகைப்பு, அதையும் நேராக ஒப்பிடலாம். `Maximum Shear Stress` என்று வருவது அதன் பாதி. 250உடன் அல்ல, 125உடன் ஒப்பிட வேண்டும். பழைய பாடநூல்களில் வரும் சமவலு முறுக்கம் `sqrt(M² + T²)` திரெஸ்காவின் பிள்ளை. மீசெஸுக்கு உரியது சமவலு வளைவுத் திருப்பம் `sqrt(M² + 0.75T²)`. நம் எண்களில் முதலாவது 985, இரண்டாவது 876. முதலாவதை 16 போட்ட சூத்திரத்தில் வைத்து 125உடனும், இரண்டாவதை 32 போட்டதில் வைத்து 250உடனும் ஒப்பிட்டால் மேலே கண்ட அதே 1.60, 1.79 திரும்ப வரும்.

இவ்வளவும் இழுபட்டு நீளக்கூடிய உருக்குக்கு. நீளாமல் உடையும் வார்ப்பிரும்புக்கு இரண்டும் பொருந்தா. உருக்கிலும் இது இளகலை மட்டும் பார்க்கும் சோதனை. நிமிடத்துக்கு 85 சுற்றில் நம் சாப்ட் 8 மணி நேர வேலை நாளில் 40,800 தடவை அங்குமிங்கும் வளைந்து திரும்பும். 25 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டும். 1.79 வாங்கிய சாப்ட்டும் செயின் வீலுக்குக் கீழே கீ வெட்டிய மூலையிலோ, பெயரிங் அமரும் படியிலோ விரிசல் விட்டு உடையலாம். அந்தக் களைப்புச் சோதனையில் மாறிக்கொண்டிருக்கும் தகைப்புக்கும் மாறாத தகைப்புக்கும் தனித்தனியே சமவலு எடுப்பார்கள்; இன்று அதற்கும் வழக்கம் உருத்திரிவுச் சக்திச் சூத்திரமே.