பார்பராவா, பாஷேன்காவா: பெயர் நாள் வாழ்த்தில் எந்தப் பெயரால் அழைப்பது?

போலந்தில் டிசம்பர் 4 பார்பராக்களின் பெயர் நாள், அதாவது அந்தப் பெயருள்ளவர்கள் கொண்டாடுவதற்கென நாட்காட்டியில் குறித்த நாள். சுரங்கத் தொழிலாளர் திருநாளும் அன்றுதான். பார்பரா நாளில் பனி உறைந்தால் கிறிஸ்துமஸில் தண்ணீர் ஓடும் என்று பழமொழிகூட உண்டு. அந்த நாள் நெருங்கும்போது, என்னிடம் போலிஷ் படிப்பவர்களில் யாராவது வாழ்த்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு மாணவர் தன் காதலிக்கு இப்படி எழுதியிருந்தார்: "த்ரோகா பார்பரா, உன் பெயர் நாளுக்கு நலமும் மகிழ்ச்சியும் வாழ்த்துகிறேன்." பார்த்தால் குறையில்லாத வாழ்த்து. படிப்பவளுக்கோ அலுவலகக் கடிதம் போல இருக்கும்.

முதலில் பெயர். பார்பரா என்ற முழுப் பெயர் ஆவணங்களுக்கு உரியது. வீட்டில் அந்தப் பெயர் கேட்டால் கோபம் என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு. அன்றாடப் பெயர் பாஷா. அதைவிடக் குழைவானது பாஷேன்கா. பாஷ்கா என்றும் ஒன்று இருக்கிறது. தோழிகளும் உடன்பிறந்தவர்களும் உரிமையோடு அழைப்பது, கொஞ்சம் முரட்டுத்தனமானது. அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் ஒழிய, அதை வாழ்த்தில் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது விளி வேற்றுமை. தமிழில் தங்கை 'தங்காய்' ஆவதுபோல, பாஷா 'பாஷு' ஆகும்; பாஷேன்கா 'பாஷேன்கோ' ஆகும். பேச்சில் விளியை விட்டுவிடுவது சாதாரணம். எழுத்தில் விட்டால் உடனே தெரியும். 'அன்புள்ள' என்று பொருள்படும் 'த்ரோகா'வும் கடிதச் சம்பிரதாயச் சொல்தான். காதலிக்கு 'அன்புக்குரிய' என்னும் 'கோஹானா' பொருந்தும். ஆகவே தொடக்கம்: "கோஹானா பாஷேன்கோ!" பெயரே வேண்டாம் என்றால் 'கோஹானியே' (அன்பே) அல்லது 'ஸ்கார்பியே' (செல்வமே) போதும். குட்டித் தவளை என்று பொருள்படும் 'ஜாப்கோ'வும் கொஞ்சல்தான். ஆனால் வீட்டுக்குள் வழங்காத செல்லப்பெயரை அட்டையில் முதன்முறையாக அரங்கேற்ற வேண்டாம்.

பிறகு வாழ்த்து. 'ஜிச்சே' (வாழ்த்துகிறேன்) என்ற வினைக்குப் பின் வாழ்த்தும் பொருள் ஆறாம் வேற்றுமையில் வரும்: நலம் என்பதற்கு ஸ்த்ரோவியே அல்ல, ஸ்த்ரோவியா. மாணவர் சறுக்கியது இங்கேதான். 'உனக்கு' என்னும் 'சி' கடிதத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும். மரியாதைக்காக அப்படி எழுதுவார்கள்.

நலம், மகிழ்ச்சி, கனவு நிறைவேறுதல் மூன்றும் கடை அட்டைகளிலேயே அச்சாகி வருபவை. அவளுக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைச் சேர்க்க 'ஜெபிஷ்' உதவும். 'நீ இப்படி ஆகவேண்டும் என்று' என்ற பொருள். இரவுப் பணி செய்யும் செவிலி அவள். அதனால் மாணவர் சேர்த்தது: "ஜெபிஷ் வ்ரெஷ்ச்சே ஷே விஸ்பாவா", அதாவது கடைசியில் நீ ஆசைதீரத் தூங்கவேண்டும். ஆணுக்கு எழுதினால் வினை 'விஸ்பாவ்' என்று முடியும்.

ஒரு பெயருக்குப் பல நாட்கள் இருப்பதும் உண்டு. காதாஜினாக்களில் சிலர் ஏப்ரலிலும், பலர் நவம்பர் 25-இலும் கொண்டாடுவார்கள். நாட்காட்டியை நம்பாமல் அவளிடமே முன்கூட்டிக் கேளுங்கள்.