ஃபர்னிச்சர்ஸ், அட்வைசஸ், இன்ஃபர்மேஷன்ஸ்: இந்த ‘ஸ்’ எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது?

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் கடிதங்களைத் திருத்துவது என் அன்றாட வேலை. ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவில் முதல் எழுத்துக் கேள்வி ஒரு கடிதம். குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். போன வாரம் கொடுத்த பயிற்சி இது: வாடகைக்குக் குடிவந்த வீட்டில் மேசை நாற்காலிகள் சேதமாகியிருக்கின்றன, வீட்டு உரிமையாளருக்கு எழுதுங்கள். பதினொரு பேர் எழுதினார்கள். ஒன்பது தாளில் ‘ஃபர்னிச்சர்ஸ்’. நர்சிங் முடித்த ஒரு பெண்ணின் தாளில் அதோடு ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அன் அட்வைஸ்’ இரண்டும் சேர்ந்து வந்திருந்தன. அவர் நோயாளியின் நிலையைக் குறிப்பெழுதிப் பழகியவர். தெளிவாக யோசிக்கிறவர். அவருக்கே இது நேர்கிறது என்றால் தவறு அவர் மேல் இல்லை, பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

“கவுண்டபிள் என்றால் என்ன?” என்று வகுப்பில் கேட்டேன். “எண்ணக்கூடியது சார்.” அன்கவுண்டபிள்? “எண்ண முடியாதது சார்.” சரி, இந்த அறையில் ஃபர்னிச்சரை எண்ண முடியுமா? சுற்றிப் பார்த்தார்கள். பதினைந்து நாற்காலி, ஒரு மேசை, ஒரு அலமாரி. மூன்று வயதுக் குழந்தைகூட விரல்விட்டு எண்ணிவிடும். “முடியும் சார்.” அப்படியானால் ‘ஃபர்னிச்சர்ஸ்’ சரிதானே? யாரும் பதில் பேசவில்லை.

தயவுசெய்து இந்த ‘எண்ண முடியாதது’ என்ற விளக்கத்தை விட்டுவிடுங்கள். ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். வானத்து நட்சத்திரங்களை எண்ணி முடித்தவர் யார்? ஆனாலும் ஆங்கிலத்தில் ஸ்டார் என்பது கவுண்டபிள்தான், ‘மெனி ஸ்டார்ஸ்’ என்றுதான் வரும். பணத்தை எண்ணாத நாள் உண்டா? கல்லாவில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறோம். ஆனாலும் மனி என்பது அன்கவுண்டபிள், ‘மெனி மனி’ என்று எழுதினால் தவறு. ரூபாயும் நாணயமும் எண்ணிக்கை ஏற்கும், பணம் ஏற்காது. ஓட்ஸ், வீட் இரண்டும் தானியம்தான், இரண்டும் சின்னச் சின்ன மணிகள்தான். ஆங்கிலத்தில் ஓட்ஸ் பன்மை, வீட் ஒருமை. எந்த மணியை எண்ணிப் பார்த்து இப்படி முடிவு செய்தார்கள்? பொருளைப் பார்த்து இந்த முடிவுக்கு வரவே முடியாது. எண்ணிக்கை ஏற்பதும் ஏற்காததும் பொருளின் குணமல்ல, அந்தச் சொல்லின் குணம்.

சொல்லின் குணம் என்றால் என்ன என்பதற்கு ஆங்கிலம் வரை போக வேண்டாம். ஜவுளிக்கடைக்குப் போய் வந்தவரிடம் “என்ன வாங்கினீங்க?” என்று கேட்டால் “துணிமணி எடுத்தோம்” என்பார். “எத்தனை?” என்றால் “மூணு சட்டை, ரெண்டு புடவை” என்பார். “அஞ்சு துணிமணி” என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. சட்டை என்ற சொல்லுக்குள்ளேயே ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அளவு இருக்கிறது. துணிமணி என்பது எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்துக் குறிக்கும் பெயர், அதற்குள் ‘ஒன்று’ என்ற அளவு இல்லை. நகைநட்டு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் இதே வகை.

ஃபர்னிச்சர் ஆங்கிலத்தின் துணிமணி. அவ்வளவுதான். சேர் சட்டையைப் போல, டேபிள் புடவையைப் போல. ஃபர்னிஷ் என்ற வினையோடு தொடர்புள்ள சொல் அது. ஒரு வீட்டுக்கு வேண்டியதைக் கொடுத்து நிரப்புவது என்ற பொருளில் தொடங்கி, நிரப்பிய சாமான்கள் மொத்தத்துக்கும் பெயரானது. இன்ஃபர்மேஷனும் அப்படித்தான். இன்ஃபார்ம் செய்வது என்ற செயலிலிருந்து வந்து, தெரிவிக்கப்பட்டது முழுவதையும் குறிக்கிறது. அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் சொல்ல ஃபேக்ட், டீட்டெயில் போன்ற சொற்கள் தனியே இருக்கின்றன, அவை எண்ணிக்கை ஏற்கும். அட்வைஸுக்குப் பக்கத்தில் சஜெஷன், டிப் இரண்டும் எண்ணிக்கை ஏற்கும். லக்கேஜ் ஏற்காது, பேக் ஏற்கும். மெஷினரி ஏற்காது, மெஷின் ஏற்கும். ஒர்க் ஏற்காது, ஜாப் ஏற்கும்.

இதில் ஒரு எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மொத்தப் பெயர் என்பதாலேயே ஒரு சொல் அன்கவுண்டபிள் ஆகிவிடாது. வெஜிடபிள் கத்தரிக்காய், வெண்டைக்காய், கேரட் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான், ஆனால் ‘வெஜிடபிள்ஸ்’ சரி. இது அந்தந்த மொழியின் வழக்கம். பிரெஞ்சில் ஃபர்னிச்சருக்கான சொல்லும் இன்ஃபர்மேஷனுக்கான சொல்லும் தாராளமாகப் பன்மை ஏற்கின்றன. அதனால் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலம் எழுதும்போது நம் மாதிரியே ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே தர்க்கத்தை மட்டும் நம்ப வேண்டாம், அகராதியைப் பாருங்கள். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யு என்ற எழுத்து இருக்கும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1942-ல் தோக்கியோவில் வெளிவந்த தம் அகராதியில் இந்தக் குறிகளைப் போட்டார். ஜப்பானிய மொழியிலும் நம் பேச்சுத் தமிழைப் போல, ஒரு புத்தகம், ரெண்டு புத்தகம் என்று பெயர்ச்சொல் மாறாமலே நிற்கும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்து எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த எழுத்தைத் தாண்டி நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.

நமக்கு இந்த ‘ஸ்’ ஒட்டிக்கொள்ள இரண்டு வாசல்கள். ஒன்று மொழிபெயர்ப்பு. தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் தடையில்லாமல் சொல்கிறோம், அந்த ‘கள்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஸ்’ ஆகிவிடுகிறது. இரண்டாவது வாசல்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. “உனக்கு ஒரு அட்வைஸ் சொல்றேன்”, “மூணு லக்கேஜ் இருக்கு, ஒரு கை பிடிங்க”, “ரெண்டு ஃபர்னிச்சர் வாங்கணும்.” இவை நல்ல தமிழ்ப் பேச்சு. இந்தச் சொற்கள் நம்மிடம் வந்து தங்கி, நம் வழக்கப்படி எண்ணிக்கை ஏற்கப் பழகிவிட்டன. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஆங்கிலம் எழுதும்போது அதே பழக்கத்தோடு அவற்றைத் திருப்பி அனுப்புகிறோம். ‘எத்தனை’ என்று கேட்டால் கவுண்டபிள், ‘எவ்வளவு’ என்று கேட்டால் அன்கவுண்டபிள் என்று ஒரு சூத்திரம் சொல்கிறார்கள். தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் அது சரிவரும். “எத்தனை லக்கேஜ்?” என்று ரயில் நிலையத்தில் இயல்பாகக் கேட்கும் நமக்கு, மேலே சொன்ன சொற்களில் அந்தச் சூத்திரம் காலை வாரிவிடும்.

இனி அந்தப் பெண்ணின் கடிதம். அவர் எழுதியது: “தி ஃபர்னிச்சர்ஸ் இன் தி ஹால் ஆர் டேமேஜ்ட். தே ஆர் வெரி ஓல்ட்.” ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்பதில் ‘ஸ்’ஸை மட்டும் அடித்துவிட்டு எழுந்தார். உட்காரச் சொன்னேன். பெயர்ச்சொல் ஒருமையானால் ‘ஆர்’ இனி ‘இஸ்’ ஆக வேண்டும். அடுத்த வாக்கியத்தில் ‘தே’ ‘இட்’ ஆக வேண்டும், அதன் ‘ஆர்’ரும் மாற வேண்டும். ஒரு சொல்லில் செய்த பிழை நான்கு இடங்களில் நிற்கிறது. எழுத்துக்கான நான்கு மதிப்பீட்டு அளவுகோல்களில் ஒன்று இலக்கணத்துக்கு. திருத்துகிறவர் கண்ணில் ஒரே பத்திக்குள் இவ்வளவும் படும்.

பிறகு கேட்டேன்: “உண்மையில் என்னம்மா உடைஞ்சிருக்கு?” “ரெண்டு நாற்காலி சார், சோபாவோட ஒரு கால்.” அதை எழுதுங்கள் என்றேன். ‘டூ சேர்ஸ் ஆர் ப்ரோக்கன்’, ‘ஒன் லெக் ஆஃப் தி சோபா இஸ் லூஸ்’. இலக்கணச் சிக்கலும் போனது, வீட்டுக்காரருக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் புரிந்தது. மொத்தப் பெயர் தேவைப்படாத இடத்தில் அதைப் போடாமலிருப்பதே பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும்.

‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பதை ‘சம் இன்ஃபர்மேஷன்’ என்று மாற்றினோம். ‘அன் அட்வைஸ்’ என்பதற்கு ‘சம் அட்வைஸ்’ போதும். எண்ணிக்கை கட்டாயம் வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’. பாலை டம்ளர் கணக்கில் சொல்வதுபோல. இங்கேதான் அடுத்த விபத்து நடக்கிறது. ‘பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்ஸ்’ என்று இரண்டு பக்கமும் ‘ஸ்’ போட்டுவிடுகிறார்கள். ரெண்டு டம்ளர் பால்கள் என்று கேட்பீர்களா? பன்மை பீஸுக்கு மட்டும்தான்.

வகுப்பில் வங்கி ஊழியர் ஒருவர் கை தூக்கினார். எங்கள் அலுவலகத்தில் ‘பேமென்ட் அட்வைசஸ்’ என்றுதானே எழுதுகிறோம் என்றார். அவர் சொன்னது சரி. அங்கே அட்வைஸ் என்பது அறிவுரை இல்லை, பணம் செலுத்தியதை அறிவிக்கும் சீட்டு. சீட்டை எண்ணலாம். அதை அண்ணனிடம் கேட்கும் அட்வைஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பயோடேட்டாவில் வரும் எக்ஸ்பீரியன்ஸும் இப்படித்தான். வேலை அனுபவம் என்றால் ‘ஸ்’ கிடையாது, வாழ்க்கையில் நடந்த தனித்தனிச் சம்பவங்கள் என்றால் உண்டு. ‘த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்சஸ்’ என்று அனுப்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஃபர்னிச்சர், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்ஒர்க் ஆகிய ஆறும் தாளில் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள், மற்றவை அப்புறம். கண்டால் அதன் வாலைப் பாருங்கள், ‘ஸ்’ இருந்தால் அடியுங்கள். முன்னால் ‘எ’, ‘அன்’, ‘மெனி’, ‘தீஸ்’ இருக்கிறதா பாருங்கள். பின்னால் வரும் வினையைப் பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், அடுத்த வாக்கியத்தின் ‘தே’, ‘தெம்’ வரை போங்கள். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறீர்கள்.

அந்தப் பெண் மறுநாள் இரண்டாம் பிரதியைக் கொண்டுவந்தார். நாற்காலிகள் இரண்டும் பெயரோடு இருந்தன, இன்ஃபர்மேஷன் ஒருமையில் இருந்தது, ‘சம் அட்வைஸ்’ சரியாக இருந்தது. கடைசி வரியில் அந்த அட்வைஸை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்: ‘ப்ளீஸ் சென்ட் தெம் பை இமெயில்’. ‘தெம்’மைச் சுற்றி வட்டம் போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்குமுன் அவரே பார்த்துவிட்டு, “ஐயோ, ‘இட்’ சார்” என்று பேனாவை எடுத்தார்.